ஆடியில் வரைந்த அம்புகள்

ஒரு குழந்தையின் சட்டையை நீட்டி, மோந்து பார்க்கும்படி நகராட்சி ஆணையரிடம் சொன்ன ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, எங்கள் ஊர்ப் பால்வாடி டீச்சர்தான்.

அன்று நான் ஒரு சாக்கடைப் பாலத்தின் வரைபடத்தோடு கையெழுத்துக்காக ஆணையர் அறையில் நின்றுகொண்டிருந்தேன். நகராட்சிப் பொறியியல் பிரிவில் நான் வரைவாளர். புதிய நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள் அவை. அலுவலகத்தில் கணினி வந்துவிட்டது என்றாலும் அது வரிக்கணக்குக்காரர்களின் மேசையில் இருந்தது. நான் இன்னும் டிரேசிங் தாளும் மைப்பேனாவுமாக இருந்தேன். ஆனி மாதக் கடைசி. மேற்கே மலைக்கணவாயிலிருந்து இறங்கும் காற்று ஜன்னல் கதவுகளை அடித்துக்கொண்டிருந்தது.

"சும்மா மோந்து பாருங்க சார். தொவச்ச சட்டைதான்" என்றார் டீச்சர்.

ஆணையர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், மரியாதையானவர். மோந்து பார்த்தார். "புகை வாசனை அடிக்கிறதும்மா" என்றார்.

"வாசனைனு நீங்க சொல்றீக. நாங்க அங்கன நாத்தம்னுதான் சொல்லுவோம்."

அவருடைய பால்வாடி ஊரின் கிழக்கு ஓரத்தில், நகராட்சிக் குப்பைக் கிடங்குக்குச் சற்றுக் கிழக்கே இருந்தது. நடுவில் ஓர் ஓடையும் கருவேலங்காடும். சில நாட்களில் புகை வந்து கட்டடத்துக்குள் உட்கார்ந்துகொள்கிறது என்றும், தாய்மார்கள் பிள்ளைகளை அனுப்புவதில்லை என்றும் சொன்னார். அதற்குப் பிறகு சொன்னதுதான் அவர் வந்த காரியம்.

"பிள்ளைக வருகை கொறஞ்சா சென்டர எடுத்துருவாகளாம் சார். பைபாஸுக்கு அங்கிட்டு இருக்க சென்டரோட சேக்கப்போறாக. ஆவணி கடைசி வாரம் மேலதிகாரி பாக்க வாராக. லாரி போற ரோட்டத் தாண்டி மூணு வயசுப் பிள்ள எப்படிப் போகும்? போகாது. வீட்டுலதான் கெடக்கும்."

ஆணையர் சுகாதார ஆய்வாளரைக் கூப்பிட்டார். எல்லாரும் அவரை இன்ஸ்பெக்டர் என்போம். பருத்த உடம்பு, சிரித்த முகம். சொந்த ஊர், வேட்டைநாய்க்குப் பேர்போன கோம்பை. நாய்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஃபைல் நகராது. "நம்ம ஆளுக யாரும் தீ வைக்கிறதில்ல சார்" என்று அடித்துச் சொன்னார். "கிடங்குல வாட்ச்மேன் இருக்கான். சத்தியமா இல்ல."

"அப்ப எதுதான் எரியுது?" என்றார் டீச்சர்.

ஆணையர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்தார். ஊரின் ஒவ்வொரு கழிவும் எங்கே உண்டாகிறது, எந்த வழியாகப் போகிறது, கடைசியில் எங்கே முடிகிறது என்று ஒரே தாளில் வரைந்து அனுப்பச் சொல்லி மேலே இருந்து வந்திருந்தது. என் கையிலிருந்த சுருளைப் பார்த்தார்.

"நீங்க வரைங்க. எல்லாத்தையும் கடைசி வரைக்கும் தொடர்ந்து போய் வரைங்க. எது எரியுதுன்னு அதுலயே தெரிஞ்சிரும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. என் வேலை வாழ்க்கையில் இவ்வளவு சிரித்த மாதங்கள் வேறு கிடையாது.

இந்த மாதிரிப் படத்துக்கு விதி எளிது. கழிவு உண்டாகிற இடங்கள், மாறுகிற இடங்கள் எல்லாம் பெட்டிகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவது அம்பு. அம்பின் அகலம் எடையைப் பொறுத்தது. ஒரு நாளைக்கு ஒரு டன் என்றால் தாளில் ஒரு சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டேன். ஊரைச் சுற்றி ஒரு புள்ளிக்கோடு, அதுதான் எல்லை. ஒரு பெட்டிக்குள் எவ்வளவு எடை போகிறதோ அவ்வளவும் வெளியே வந்தாக வேண்டும். வராவிட்டால் உள்ளேயே தங்கியிருக்க வேண்டும். இது கணக்காக இருப்பதால் எனக்குப் பிடித்திருந்தது. எந்த அம்பும் நடுவழியில் நிற்கக் கூடாது. நின்றால் நாம் இன்னும் போய்ப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

எடை போடும் வாரத்தை ஆடியில் வைத்தோம். அப்போதுதான் எல்லோருக்கும் ஒழிந்த நேரம். இன்ஸ்பெக்டரின் மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, ஆவணியில் அவரைப் பிடிக்க முடியாது. அலுவலகத்திலும் ஆவணி வந்துவிட்டால் தினம் ஒருவர் கல்யாணப் பத்திரிகையோடு வந்து நிற்பார், பாதிப் பேர் லீவில் இருப்பார்கள். ஆடிதான் வசதி என்று எல்லோரும் ஒருமனதாகச் சொன்னோம். யாருக்கும் அதில் ஒரு உறுத்தலும் இல்லை.

தெருவுக்குச் சில வீடுகள் வீதம் பொறுக்கி, மக்கும் குப்பைக்கு ஒரு வாளியும் மக்காததற்கு ஒரு சாக்கும் கொடுத்தோம். காலையில் கொக்கித் தராசோடு போவோம். ஒரு வீட்டில் அம்மாள் வாளியைக் கழுவிக் கோலம் போட்டு வைத்திருந்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

"குப்பை எங்கம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நீங்க வாறீகன்னு எல்லாத்தையும் தூக்கி வெளிய போட்டுட்டேன். ஆபீசருக வர்ற எடத்துல குப்பைய வச்சுக்கிட்டா நிப்பாக?"

அவருக்கு மறுநாள் விளக்கிச் சொல்லிவிட்டு, அந்த வீட்டை இன்னொரு வாரம் தனியாக எடை போட்டோம்.

காய்கறிச் சந்தையில் கமிஷன் கடைக்காரர் ஒருவர் தம்முடைய மேடைத் தராசைக் கொடுத்தார். கேரளத்துக்கு லோடு ஏற்றி ஏற்றி அவர் பேச்சில் பாதி மலையாளம் கலந்துவிட்டது. முட்டைக்கோஸ் இலைக் குவியலை ஏற்றும்போது "மதி, மதி, போதும், தராசு ஒடஞ்சிரும்" என்று கத்துவார். அந்தக் குவியலின் அம்பைத் தொடர்ந்து போனால் அது ஆட்டுக்காரர்களிடம் முடிந்தது. வாழைத்தண்டு மாடுகளுக்கு. அழுகிய தக்காளி மட்டும் கிடங்குக்கு.

பழைய பேப்பர் கடையில் செய்தித்தாள் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பங்கு கட்டாகக் கட்டி லாரி ஏறி, எல்லைக்கோட்டைத் தாண்டி, வேறு மாவட்டத்து அட்டை ஆலைக்குப் போனது. மறு பங்கு பஜ்ஜிக் கடைக்குப் போய், எண்ணெய் குடித்து, திரும்ப ஊர்த் தொட்டிக்கே வந்தது. இரும்பு உருக்காலைக்கு. கண்ணாடிப் பாட்டிலில் உடையாதது கழுவப்பட்டுத் திரும்ப வரும், உடைந்தது மட்டும் உலைக்கு. கழிப்பறைத் தொட்டியைச் சுத்தம் செய்கிற லாரி எங்கே கொட்டுகிறது என்று கேட்டபோது இன்ஸ்பெக்டர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஏதோ தென்னந்தோப்புல ஊத்துறானுக. அதையும் வரையணுமா மேடம்?"

"அம்பு நடுவுல நிக்கக் கூடாது சார்."

"சரி, தோப்புனு போடுங்க. யாரு தோப்புனு போடாதீக."

டீக்கடைத் தூளை ரோஜாச் செடி வைத்திருக்கும் பெண்கள் டப்பாவில் வாங்கிப் போனார்கள். என் அளவுகோலில் அது முடி அகலம்கூட வரவில்லை. இன்ஸ்பெக்டர் விடவில்லை. "அதுக்கும் ஒரு நூல் விடுங்க மேடம். எம்பொண்டாட்டியும் அதுல ஒரு ஆளு." விட்டேன்.

கிடங்கின் ஓரத்து உரக்குழியில் அவருக்குப் பெரிய சந்தேகம் வந்தது. உள்ளே போட்டதில் பாதிகூட உரமாக வெளியே வரவில்லை. "மீதிய எவன் தூக்கிட்டுப் போனான்?" என்று வாட்ச்மேனைப் பிடித்துக்கொண்டார். பச்சைக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர், மக்கும்போது அது ஆவியாகும், கழிவின் ஒரு பகுதி காற்றாகவே மாறிப் போகும் என்று நான் சொன்னேன். அந்த அம்பை மேல்நோக்கி வளைத்து 'காற்று' என்ற பெட்டியில் முடித்தேன். வாட்ச்மேன் அதைப் பார்த்துவிட்டு, "பாத்துக்கங்க சார், காத்துதான் எடுத்துட்டுப் போயிருக்கு. படத்துலயே போட்டாக" என்றார்.

புகைக்கு வருவோம். கிடங்கில் தீ வைக்கிறார்களா என்று அறிய ஒரு வழி இருந்தது. நகராட்சி லாரி ஒவ்வொன்றையும் எடை மேடையில் ஏற்றி உள்ளே போவதை அறிந்தோம். குவியலின் மேல் மட்டக்கருவியை வைத்து வாரத் தொடக்கத்திலும் முடிவிலும் நான் அளந்தேன். உள்ளே போனது எரிந்திருந்தால் குவியல் அந்த அளவுக்கு வளர்ந்திருக்காது. வளர்ந்திருந்தது. அமுங்குவதற்கும் காய்வதற்கும் விட்டுக் கொடுத்தால் கணக்கு நெருக்கமாகவே பொருந்தியது.

இதற்கு நடுவில் ஒருநாள் டீச்சர் தூக்குவாளி நிறைய வெல்லச் சுண்டல் கொண்டுவந்தார். புகை நின்றுவிட்டதாம். பிள்ளைகள் வருகிறார்களாம்.

"நீங்க மூணுகால் கேமராவ வச்சுக்கிட்டு அங்கன நின்னதுல பயந்துட்டானுக மேடம்" என்றார் இன்ஸ்பெக்டர். மட்டக்கருவியை அவர் கடைசிவரை கேமரா என்றுதான் சொன்னார். நாங்கள் எல்லோரும் பெருமையாகச் சுண்டல் சாப்பிட்டோம். ஆணையரும் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்.

ஆடி முடிந்தபோது படமும் முடிந்தது. இடது ஓரத்தில் வீடு, கடை, சந்தை, ஓட்டல், கல்யாண மண்டபம், மருத்துவமனை. வலது ஓரத்தில் மண், ஆறு, காற்று, ஆடுமாடு, வெளியூர் ஆலை, கிடங்கில் தங்குவது. எரிவதற்கு நான் சிவப்பு மை வைத்திருந்தேன். அது தெருக்கூட்டிய சருகுக்கு மட்டும், ஒரு மெல்லிய கோடு. ஆணையர் படத்தை மேசையில் விரித்து, இரு பக்கமும் பேப்பர் வெயிட்டுகளை வைத்து, நெடுநேரம் பார்த்தார். ஆவணியின் இரண்டாம் வாரம் அது. இன்ஸ்பெக்டர் ஒரு கட்டுப் பத்திரிகையோடு பக்கத்தில் நின்றார்.

அப்போது டீச்சர் உள்ளே வந்தார். கையில் வெறும் தூக்குவாளி.

"என் சுண்டலத் திருப்பிக் குடுங்க" என்றார்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் ஆணையர்.

"நேத்து சாயங்காலத்துல இருந்து புகை. இன்னைக்கு எட்டுப் பிள்ளைகூட வரல. அதிகாரி வர்றதுக்கு இன்னும் ரெண்டு வாரந்தான் இருக்கு."

ஆணையர் படத்தைக் காட்டினார். "இதைப் பாருங்க. எல்லாம் எடை போட்டிருக்கோம். எரியறதுக்கு ஊர்ல ஒண்ணுமே மிச்சம் இல்ல."

"படம் நல்லாத்தான் இருக்கு சார். பிள்ளைக இருமுதுகளே."

இன்ஸ்பெக்டர் முகத்தில் மெல்ல ஒரு மாற்றம் வந்தது. பத்திரிகைக் கட்டை மேசையில் வைத்தார்.

"நேத்து முகூர்த்தம்" என்றார். "எனக்கு நல்லாத் தெரியும். நேத்துக்கு மண்டபம் கெடைக்காமத்தான் என் மக கல்யாணமே அடுத்த முகூர்த்தத்துக்குப் போச்சு. எல்லா மண்டபமும் ஃபுல்லு."

நான் குனிந்து படத்தில் 'கல்யாண மண்டபம்' என்ற பெட்டியைத் தேடினேன். அதிலிருந்து டீத்தூளைவிட மெல்லிய ஒரு நூல் கிளம்பியது. மண்டபத்து வாட்ச்மேன் சாப்பிட்ட பொட்டலத்தின் எடை அது. நானே எடை போட்டு, நானே வரைந்தது.

"ஏங்க" என்றார் டீச்சர், "நீங்க எப்ப எடை போட்டீக?"

இன்ஸ்பெக்டர் படத்தின் ஓரத்தில் எழுதியிருந்த தேதியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"ஆடி மாசத்துலயா? ஆடி மாசத்துல யாரு வீட்டுல கல்யாணம் நடக்கும்?"

முதலில் சிரித்தது ஆணையர். மரியாதையான மனிதர், வாயைக் கர்ச்சீப்பால் மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு இன்ஸ்பெக்டர். பிறகு என்னாலும் அடக்க முடியவில்லை. ஊரின் பழக்கம் தெரிந்த நாங்கள் எல்லோரும் கல்யாணம் இல்லாத மாதம் என்பதற்காகவே அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்து, கல்யாணக் குப்பையே இல்லாத ஓர் ஊரை அவ்வளவு துல்லியமாக வரைந்து வைத்திருந்தோம். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் அவர் உதடு துடித்ததை நான் பார்த்தேன்.

இரண்டு வாரம் இருந்தது. அடுத்த முகூர்த்தத்துக்குக் காத்திராமல் மறுநாளே ஒரு விசேஷத்துக்குப் போனோம். பெரிய முகூர்த்த நாள் இல்லை என்றாலும் உத்தமபாளையம் சாலை மண்டபத்தில் ஒரு வளைகாப்பு இருந்தது. யாரையும் தெரியாது. வாசலில் சந்தனம் கொடுத்தார்கள். எடை போட வந்திருக்கிறோம் என்றால் பெண்ணின் அப்பா, "அதெல்லாம் அப்பறம். மொதல்ல பந்தியில உக்காருங்க" என்று கையைப் பிடித்து இழுத்தார். சாப்பிட்ட பிறகுதான் நாங்கள் பார்க்க வேண்டியதைப் பார்த்தோம்.

பந்தி எழுந்ததும் பரிமாறுகிற இரண்டு பேர் வருவார்கள். மேசை நீளத்துக்கும் வெள்ளைத் தாள் விரித்திருக்கும். ஒருவர் ஒரு முனையைப் பிடித்துப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டிக்கொண்டே போவார். இலை, மிச்சச் சோறு, பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், ஐஸ்கிரீம் கப் எல்லாம் உள்ளே சுருண்டுவிடும். கடைசி நாற்காலிக்கு வரும்போது கையில் ஒரு பெரிய கனத்த உருளை. ஒரே வீச்சில் டிரம்முக்குள். அடுத்த தாள் விரிந்துவிடும். பார்க்க அழகான வேலை, நானும் எத்தனையோ பந்தியில் பார்த்து வியந்ததுதான். அது எங்கே போகிறது என்று மட்டும் கேட்டதில்லை.

நகராட்சி லாரிக்கு அது வரவே இல்லை. மண்டபத்தின் பின்வாசலில் ஒரு மாட்டு வண்டி நின்றது. டிரம்கள் அதில் ஏறின. எடை மேடையில் நாங்கள் லாரிகளை மட்டும்தானே ஏற்றினோம். வண்டியின் பின்னால் இன்ஸ்பெக்டரின் மொபெட்டில் போனோம். வழியில் பால்வாடி வாசலில் டீச்சரும் எங்களோடு சேர்ந்து நடந்தார். வண்டி ஓடையைத் தாண்டி, கருவேலங்காட்டுக்குள், பால்வாடிக்கு நேர் மேற்கே போய் நின்றது.

டிரம்களுக்கு முன்னால் உட்கார்ந்து ஓட்டிவந்த பெண் இறங்கி, உருளைகளைப் பிரித்து இலையைத் தனியாக எடுக்க ஆரம்பித்தார். பக்கத்தில் பழைய சாம்பல். டீச்சர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏத்தா, நீதானா?"

"என்னத்த நானு?"

"ஒரு வருசமா நகராட்சிய ஏசிக்கிட்டு இருக்கேன். காலையில எனக்குப் பால ஊத்திட்டு, சாயங்காலம் என் பிள்ளைகளுக்குப் புகைய ஊத்துறியா?"

பால்வாடிக்கும் நான்கைந்து டீக்கடைகளுக்கும் பால் ஊற்றுகிறவர் அவர். பால்காரம்மா என்போம். புகை எந்தப் பக்கம் போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தீ வைத்துவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவார். ஈரத்தோடு இருக்கிற தாளும் பிளாஸ்டிக்கும் எரியாமல், விடிய விடியப் புகைந்துகொண்டே கிடக்கும்.

"எரிக்காம என்னத்தச் செய்யச் சொல்ற?" என்றார் பால்காரம்மா. "போன வருசம் எஞ்செவலை செத்துச்சே, டாக்டரு வயித்தக் கிழிச்சுக் காட்டுனாரு. உள்ள பூராம் பிளாஸ்டிக்கு, தலகாணி மாதிரி. இதுகள இங்கன போட்டுட்டுப் போனா இருக்கறதும் திங்கும். பெறவு எனக்கு மாடும் இல்ல, உனக்குப் பாலும் இல்ல."

டீச்சர் கிட்டப்போய், "செவலை அதுலயா செத்துச்சு? நீ சொல்லவே இல்லயே" என்றார். பிறகு அவரும் உட்கார்ந்து இலை பொறுக்க ஆரம்பித்தார்.

நான் கொக்கித் தராசை எடுத்து எடை போட்டேன். இலையும் சோறும்தான் எடையில் பெரும்பங்கு. தாளும் பிளாஸ்டிக்கும் சிறு பங்கு. ஆனால் அந்தச் சிறு பங்குதான் அத்தனை புகையும். மொபெட்டின் இருக்கையில் தாளை வைத்து வரைந்து பார்த்தேன். 'பந்தி' என்று ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரே அகலமான அம்பு கருவேலங்காட்டுக்கு வந்து, இங்கே இரண்டாகப் பிரிகிறது. பிரிப்பதற்குத்தான் இவ்வளவு பாடு, மிஞ்சுவதற்குத்தான் தீ. பிரிவதைப் பந்தியிலேயே வைத்துவிட்டால்? பெட்டியிலிருந்தே இரண்டு அம்பு கிளம்பினால்? இலை வண்டிக்கு. தாளும் மற்றதும் நகராட்சி லாரிக்கு.

இன்ஸ்பெக்டர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "அவ்வளவுதானா?" என்றார்.

அவ்வளவுதான் என்று சமையல் கான்ட்ராக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. ஊரில் பெரும்பாலான கல்யாணங்களுக்கு அவர் ஆட்கள்தான் பரிமாறுவார்கள்.

"மேடம், ஒரு பந்தி எந்திரிக்கும்போதே அடுத்த பந்தி நாற்காலிக்குப் பின்னாடி வந்து நிக்கும். நான் எலைய ஒன்னொன்னா எடுத்துக்கிட்டு இருந்தா மாப்ள வீட்டுக்காரன் கோவிச்சுக்கிட்டுப் போயிருவான். நீங்களா சமாதானம் பண்ணுவீக?"

"என் மக கல்யாணத்துல பண்ணிப் பாப்போம்" என்றார் இன்ஸ்பெக்டர். "மாப்ள வீட்டுக்காரவுகள நான் பாத்துக்கிறேன்."

அவர் மனைவி இதைக் கேள்விப்பட்டபோது நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். "ஊருல எல்லாரும் கல்யாணத்துக்கு மொய் எழுதத்தான் ஆள் வைப்பாக. நீங்க குப்பைய எடை போட ஆள் வைக்கிறீக" என்றார். ஆனாலும் வாடகைப் பாத்திரக் கடையில் பிளாஸ்டிக் டம்ளருக்குப் பதிலாக எவர்சில்வர் டம்ளர் எடுக்கச் சொன்னது அவர்தான்.

கல்யாணத்தன்று காலை, பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சமையல்கட்டுக்குப் பின்னால் தராசோடு உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் தாய்மாமா அந்தப் பக்கம் வந்தவர் நின்று பார்த்தார்.

"என்னம்மா, சீர்ப் பாத்திரத்தையா எடை போடுறீக?"

"இல்லீங்க. எச்சில் எலை."

அவர் சற்று யோசித்துவிட்டு, "பொண்ணு வீட்டுக்காரவுக ரொம்பக் கணக்கா இருப்பாக போல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் பந்தியில் தடுமாறினார்கள். முன்னால் ஒருவர் டிரம்மைத் தள்ளிக்கொண்டு மடித்த இலைகளை மட்டும் வழித்துப் போட வேண்டும், பின்னால் வருபவர் தாளைச் சுருட்ட வேண்டும். இருவரும் முட்டிக்கொண்டார்கள். அடுத்த பந்தி நிஜமாகவே முதுகுக்குப் பின்னால் நின்றது. டீச்சர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மூன்றாவது வரிசைக்கு அவரே இறங்கிவிட்டார். பால்வாடியில் சாப்பிட்ட தட்டுகளை எடுத்துப் பழகிய கை. மூன்றாம் பந்தியில் ஒரு விஷயம் புரிந்தது. இலையும் சாம்பாரும் உள்ளே இல்லாததால் தாள் நனையவில்லை. நனையாததால் நடுவில் கிழியவில்லை. முன்பெல்லாம் வரிசைக்கு ஒரு முறையாவது உருளை கிழிந்து தரையில் சாம்பார் கொட்டும், அதைத் துடைக்க ஒரு ஆள் ஓடி வருவார். இப்போது துடைக்க ஒன்றும் இல்லை. நான்காம் பந்திக்குக் கான்ட்ராக்டரின் ஆட்களே, சொல்லாமல், அப்படியே செய்தார்கள்.

"சட்டையில ஒரு பொட்டு கறை இல்ல" என்றார் கான்ட்ராக்டர், தம் ஆட்களைக் காட்டி. தோல்வியை ஒப்புக்கொள்கிற குரல் இல்லை அது. தாமே கண்டுபிடித்ததுபோல மண்டபம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது எங்களுக்கு மிக வசதியாகப் போயிற்று.

அன்று மாலை கருவேலங்காட்டில் தீ எழவில்லை. பால்காரம்மா இலையை இறக்கினார், மாடுகள் தின்றன, எரிக்க எதுவும் மிச்சமில்லை.

ஆனால் டீச்சரின் கெடுவுக்கு முன்னால் இன்னும் ஒரு முகூர்த்தம் இருந்தது. ஆவணியின் கடைசி முகூர்த்தம். அதற்கு மறுநாள்தான் மேலதிகாரி வருவது. அன்று எல்லா மண்டபத்திலும் கல்யாணம். கான்ட்ராக்டரின் ஆட்கள் இருந்த இடத்தில் கவலையில்லை. ஒரு மண்டபத்தில் மட்டும் வெளியூர்ச் சமையல்காரர்கள். நாங்கள் போய்ச் சொல்வதற்குள் இரண்டு பந்தியைச் சுருட்டிவிட்டார்கள். பின்வாசலில் பால்காரம்மா வண்டியோடு நின்றார். டிரம்மை எட்டிப் பார்த்தார்.

"இது எனக்கு வேணாம்" என்றார்.

"எப்பவும் எடுத்துட்டுத்தான போவீங்க?" என்றார் மண்டபத்து மேலாளர்.

"எலையாக் குடுத்தா எடுப்பேன். இப்படிக் கலந்து குடுத்தா நீங்களே வச்சுக்கங்க. நாளைக்கு டீச்சரு பிள்ளைகளுக்குப் பரீச்ச."

மேலாளர் டிரம்களைப் பார்த்தார். அடுத்த நாள் காலை அந்த மண்டபத்தில் வேறு விசேஷம் இருந்தது. இரவுக்குள் அது போயாக வேண்டும். கொஞ்ச நேரத்தில் சமையல்காரர்களும் அவருமாகப் பின்வாசலில் குந்தி உட்கார்ந்து இலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் பந்தியிலிருந்து உருளை எதுவும் வரவில்லை.

மறுநாள் காலை நான் வேலைக்குப் போகும் வழியைச் சற்று வளைத்துப் பால்வாடிப் பக்கம் போனேன். காற்று வழக்கம்போல மேற்கிலிருந்து வீசியது. அதில் கருவேலம்பூ வாசமும் சாண வாசமும்தான் இருந்தன. அதிகாரி அம்மா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளே பிள்ளைகள் போட்ட கூச்சலில் அவர் கேட்டது டீச்சருக்குக் கேட்கவில்லை, டீச்சர் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. இருவரும் கத்திப் பேசிக்கொண்டார்கள். வருகையை எண்ணும்போது ஒரு பிள்ளை இடம் மாறி இரண்டு முறை எண்ணப்பட்டு, திரும்ப முதலிலிருந்து எண்ண வேண்டியிருந்தது. அப்படியும் வேண்டியதற்கு மேலேயே இருந்தது. பால்வாடி அங்கேயே இருக்கட்டும் என்று அவர் எழுதிவிட்டுப் போனார்.

நான் படத்தைப் புதிதாக வரைந்தேன். ஆடிக்கு ஒன்று, முகூர்த்த மாதத்துக்கு ஒன்று என்று இரண்டு தாள். ஆணையர் இரண்டையும் சேர்த்தே மேலே அனுப்பினார். முகூர்த்தத் தாளில் பந்தியிலிருந்து இரண்டு அம்பு. லாரி ஏறிய அம்பு பிறகு இரண்டானது: தாள் உரக்குழிக்கும், பிளாஸ்டிக் கப்பும் பாக்கெட்டும் கிடங்குக்கும். அவற்றை யாரும் வாங்குவதில்லை. 'தங்குவது' என்ற பெட்டியில் அந்த அம்பை முடித்தேன். டீச்சர் அதைப் பார்த்து, "அது எப்ப அங்கன இருந்து போகும்?" என்று கேட்டார்.

"போகாது டீச்சர். அதுக்கு அதுதான் முடிவு. எவர்சில்வர் டம்ளர் கூடுனா, வர்றது கொறையும்."

இலையின் அம்பு மாட்டுக்குப் போனது. ஆனால் மாடும் முடிவில்லை. அதிலிருந்து சாணம் வாழைத்தோட்டத்துக்கும், பால் டீக்கடைக்கும் பால்வாடிக்கும் போயின. டீக்கடையிலிருந்து அந்த ரோஜாச் செடி நூலும் அப்படியே இருந்தது. பால்வாடிச் சுவருக்காக ஒரு நகல் எடுத்தபோது 'மாடு' என்ற செவ்வகத்துக்குக் கொம்பும் வாலும் வைத்தேன். ஆணையர் கையெழுத்துக்கு வந்த அசலிலும் அவசரத்தில் வால் வந்துவிட்டிருந்தது. "அரசாங்க வரைபடத்துல வால் அவசியமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அப்படியே கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரமே டீச்சர் தூக்குவாளியோடு வந்தார். இந்த முறை அது கனமாக இருந்தது.

"இப்ப வாங்கிக்கங்க" என்றார். "போன தடவ சும்மா குடுத்துட்டேன். இது நெசமான சுண்டல்."

இன்ஸ்பெக்டர் தம் மகளின் மறுவீட்டுப் பலகாரத்தையும் பிரித்து வைத்தார். டீச்சர் வாழையிலையைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொண்டுவந்திருந்தார். ஆணையர், இன்ஸ்பெக்டர், டீச்சர், நான், நான்கு பேரும் நின்றபடி சாப்பிட்டோம். முடித்ததும் யாரும் இலையைக் குப்பைக்கூடையில் போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் நான்கு இலையையும் வாங்கி மடித்துத் தூக்குவாளியின் மூடியில் வைத்தேன். டீச்சர் போகிற வழியில்தான் பால்காரம்மாவின் தொழுவம்.